ரவுட்டரில் பீம்ஃபார்மிங்கும் மல்டி யூசர் மைமோவும்: அணைப்பதால் எப்போது பலன் உண்டு?

தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு வீட்டில் வைஃபை தடுமாறுகிறது என்றால், இணைப்பைச் சரிபார்க்க வருபவரோ, விஷயம் தெரிந்த உறவினரோ சொல்லும் யோசனைகளில் ஒன்று, "செட்டிங்கில் பீம்ஃபார்மிங் என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்துவிடுங்கள்" என்பது. இன்னொருவர் வந்து அதையே ஆன் செய்யச் சொல்வார். இருவருமே தாங்கள் பார்த்த ஏதோ ஒரு வீட்டில் அது பலித்ததைக் கொண்டுதான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பொத்தான் எந்தக் கருவிக்கு, எந்த அலைவரிசையில், எந்தத் திசையில் செல்லும் தரவுக்குப் பொருந்துகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் தொட்டால், பலன் கிடைத்ததா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாது. ரவுட்டர் அமைப்புகளை முதன்முறையாகத் திறந்து பார்ப்பவர் இதைத் தன் வீட்டிலேயே சோதித்து முடிவு செய்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

பீம்ஃபார்மிங் என்ன செய்கிறது

ரவுட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள் இருக்கும்போது, ஒரே தரவை அவை எல்லாவற்றிலிருந்தும் சிறிய கால வேறுபாட்டுடன் அனுப்ப முடியும். அந்த வேறுபாட்டைச் சரியாகக் கணக்கிட்டால், உங்கள் கைப்பேசி இருக்கும் இடத்தில் அலைகள் ஒன்றோடொன்று கூடி வலுப்பெறும். கணக்கு தவறினால் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். பீம்ஃபார்மிங் என்பது இவ்வளவுதான். ரவுட்டர் டார்ச் விளக்கைப் போல ஒரு கருவியை நோக்கி ஒளியைத் திருப்புவதாக விளம்பரப் படங்களில் வரைகிறார்கள். சுவர்களிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நிறைந்த ஒரு வீட்டுக்குள் அப்படி ஒரு நேர்க்கோடு உருவாவதில்லை. அந்த ஓரிடத்தில் அலைகள் கூடுகின்றன என்பதே சரியான விவரணை.

அந்தக் கணக்கைப் போட, இடையில் உள்ள வெளி அலையை எப்படி மாற்றுகிறது என்பது ரவுட்டருக்குத் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில், ரவுட்டர் தரவு எதுவும் இல்லாத ஒரு சோதனைப் பொட்டலத்தை அனுப்புகிறது. கைப்பேசி அது தன்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று அளந்து, அந்த அளவீட்டைச் சுருக்கி ரவுட்டருக்குத் திருப்பி அனுப்புகிறது. இதை எக்ஸ்பிளிசிட் பீம்ஃபார்மிங் என்பார்கள். 2009-இல் வந்த 802.11n என்ற வைஃபை தரநிலையில் இதற்குப் பல முறைகள் இருந்தன. ஒரு நிறுவனத்தின் ரவுட்டரும் இன்னொரு நிறுவனத்தின் கருவியும் ஒத்துப்போகாததால் அது பெரும்பாலும் பயன்படாமலேயே போனது. 2013-இல் இறுதி செய்யப்பட்ட 802.11ac ஒரே முறையை வகுத்த பிறகுதான் அது உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது. இன்றைய கைப்பேசிகளும் லேப்டாப்புகளும் 5 கிகாஹெர்ட்ஸில் பயன்படுத்துவது இதைத்தான்.

இரண்டாவது வழியில், கருவி எந்த அளவீட்டையும் அனுப்புவதில்லை. கருவியிடமிருந்து வரும் அலையை ரவுட்டரே பார்த்து, போகும் வழியும் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொள்கிறது. இதை இம்பிளிசிட் பீம்ஃபார்மிங் என்பார்கள். சில ரவுட்டர்களின் திரையில் இது `Universal Beamforming` என்றும், வேறு சிலவற்றில் `Enable Implicit BEAMFORMING` என்றும் எழுதப்பட்டிருக்கும். இது பழைய கருவிகளுக்கும் உதவ வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. ஆனால் ரவுட்டரின் அனுப்பும் பாகமும் பெறும் பாகமும் துல்லியமாக ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதாலும், எப்போதாவது மட்டும் பேசும் கருவியிடமிருந்து கிடைத்த பழைய ஊகம் சீக்கிரமே காலாவதியாகிவிடும் என்பதாலும், இந்த ஊகம் தவறுவதற்கு வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கலாமா என்ற கேள்விக்கான பதிலில் பாதி இதில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு செய்தி உண்டு. இதை அறியாததால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கைப்பேசியில் தெரியும் சிக்னல் கோடுகள் பெரும்பாலும் ரவுட்டர் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் பீக்கன் அறிவிப்பின் வலிமையைக் காட்டுபவை. பீக்கன் பீம்ஃபார்மிங் செய்யப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட கருவிக்கென்று போகும் தரவு மட்டுமே செய்யப்படுகிறது. ஆகவே பீம்ஃபார்மிங்கை ஆன் செய்து கோடு கூடுகிறதா என்று பார்ப்பதும், ஆஃப் செய்து கோடு குறைகிறதா என்று பார்ப்பதும் வீண் வேலை. அதேபோல ரவுட்டரிலுள்ள பொத்தான் ரவுட்டரிலிருந்து கருவிக்கு வரும் பதிவிறக்கத்தை மட்டுமே பாதிக்கும். நீங்கள் வீடியோ அழைப்பில் அனுப்பும் உங்கள் படம் மறுமுனையில் உடைந்து தெரிகிறது என்றால் அதற்கு இந்தப் பொத்தான் காரணமும் அல்ல, மருந்தும் அல்ல.

உங்கள் பெட்டியில் பலன் எதிர்பார்க்கலாமா

ரவுட்டரின் மேல் நான்கு கொம்புகள் நிற்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். நான்கில் இரண்டு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கும் என்று பிரிக்கப்பட்டிருக்கலாம். இணைப்போடு தரப்படும் ஃபைபர் பெட்டிகளில் கணிசமானவை ஒவ்வோர் அலைவரிசையிலும் இரண்டு ஆன்டெனா கொண்டவைதான். மாடல் பெயரைக் கொண்டு தேடி, 5 கிகாஹெர்ட்ஸில் `2x2` என்று இருக்கிறதா `4x4` என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் லேப்டாப்பிலும் இரண்டு ஆன்டெனா இருந்து, இரண்டு தனித்தனித் தரவு ஓடைகளை அது பெறும்போது, இரண்டு ஆன்டெனா ரவுட்டரின் முழுத் திறனும் அந்த இரண்டு ஓடைகளுக்கே செலவாகிவிடுகிறது. அலைகளைக் கூட்டி வலுவாக்குவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. நான்கு ஆன்டெனா உள்ள ரவுட்டர் இரண்டு ஓடைகளை அனுப்பும்போதுதான் மிச்சமுள்ள திறன் பீம்ஃபார்மிங்குக்குக் கிடைக்கிறது. கோட்பாட்டின்படி அது ஏறக்குறைய 3 டெசிபல் ஆதாயம். 3 டெசிபல் என்றால் இணைப்பு வேகத்தில் ஒரு படி மேலே ஏறலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு ஆன்டெனாப் பெட்டி வைத்திருப்பவர் எக்ஸ்பிளிசிட் பீம்ஃபார்மிங்கை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை என்பதால், அவர் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் நிர்வாகப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். முகவரி பொதுவாக `192.168.1.1` அல்லது `192.168.0.1`. உள்ளே சென்றதும் வயர்லெஸ் பகுதியில் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால் இந்தப் பொத்தான்கள் இருக்கும். இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டிகளில் இவை மறைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் உங்களால் மாற்றக்கூடியது ஒன்றுமில்லை. அதற்காகப் பெட்டியை வேறு வழிகளில் திறக்க முயல வேண்டாம்.

பொத்தான்கள் தெரிந்தாலும் உடனே தொடாதீர்கள். முதலில் 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். `Smart Connect` என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் அதைச் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப் பாதியில் அலைவரிசை மாறிவிட்டதைப் பொத்தானின் விளைவு என்று எண்ணிவிடுவீர்கள். அடுத்து, சேனலை `Auto`-வில் விடாமல் ஓர் எண்ணில் நிறுத்துங்கள். எந்தப் பொத்தானை மாற்றினாலும் ரவுட்டரின் வயர்லெஸ் பகுதி மறுபடி தொடங்கும். அப்போது `Auto`-வில் உள்ள ரவுட்டர் வேறு சேனலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வீட்டோடு வீடு ஒட்டி, ஒரே இடத்தில் இருபது வைஃபை பெயர்கள் தெரிகிற நம் தெருக்களில், நெரிசலான சேனலிலிருந்து காலியான சேனலுக்கு மாறியதே பெரிய முன்னேற்றத்தைக் காட்டிவிடும். "பீம்ஃபார்மிங்கை அணைத்ததும் சரியாகிவிட்டது" என்று சொல்லப்படும் கதைகளில் ஒரு பகுதியாவது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

பிறகு அளவிடும் கருவி. இணைய வேகச் சோதனைப் பக்கங்கள் இதற்குப் போதாது. உங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ் என்றால், வைஃபை 200 தந்தாலும் 400 தந்தாலும் அந்தப் பக்கம் 100-ஐ ஒட்டிய எண்ணைத்தான் காட்டும். வீட்டுக்குள்ளேயே அளக்க வேண்டும். ரவுட்டரோடு கேபிளில் இணைந்த ஒரு கணினியிலும், வைஃபையில் உள்ள லேப்டாப்பிலும் `iperf3` என்ற இலவச நிரலை நிறுவி, கணினியில் முதல் கட்டளையையும், லேப்டாப்பில் இரண்டாவது கட்டளையையும் இயக்குங்கள்.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -R -t 30
```

இதில் `192.168.1.10` என்பது கேபிளில் உள்ள கணினியின் முகவரி. உங்கள் வீட்டில் அது வேறாக இருக்கும். `-R` என்பது மிக அவசியம். அது இருந்தால்தான் தரவு கேபிள் கணினியிலிருந்து லேப்டாப்புக்கு, அதாவது பீம்ஃபார்மிங் வேலை செய்யும் திசையில் ஓடும். ஒரு எச்சரிக்கை: சில மலிவான பெட்டிகளின் லேன் துளைகள் 100 எம்பிபிஎஸ் வரைதான் செல்லும். எங்கு நின்று அளந்தாலும் 94 அல்லது 95 என்றே வந்தால் நீங்கள் அளப்பது வைஃபையை அல்ல, அந்தத் துளையை.

அந்த முப்பது வினாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே, விண்டோஸ் லேப்டாப்பில் இன்னொரு சாளரத்தில் இதை இயக்கிப் பாருங்கள்.

```
netsh wlan show interfaces
```

வரும் பட்டியலில் `Channel`, `Signal`, `Receive rate (Mbps)` ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கருவி சும்மா இருக்கும்போது இணைப்பு வேகம் குறைவாகக் காட்டப்படக்கூடும் என்பதால், தரவு ஓடும்போது பார்ப்பதே சரி. பீம்ஃபார்மிங்கின் விளைவு தெரியும் இடம் அந்த `Receive rate` தான்.

தண்டையார்பேட்டை வீடு ஒன்றில்

குறுகிய முகப்பும் நீண்ட ஆழமும் கொண்ட பழைய வீடு அது. தெருவை ஒட்டிய ஹாலில் ரவுட்டர், அதைத் தாண்டி நடு அறை, கடைசியில் சமையலறை. ஒவ்வொரு தடுப்பும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வீட்டுக்காரர் சொந்தமாக வாங்கி வைத்திருந்தது 5 கிகாஹெர்ட்ஸில் நான்கு ஆன்டெனா உள்ள வைஃபை 6 ரவுட்டர். இணைப்புத் திட்டம் 100 எம்பிபிஎஸ். நடு அறையில் வேலை பார்க்கும் மகளுக்கு வேகம் போதவில்லை என்பது ஒரு குறை. வாசல் பக்கம் சம்ப்புக்கு அருகில், மெட்ரோ வாட்டர் வந்ததும் மேல்தொட்டிக்கு ஏற்றுவதற்காக வைத்த வைஃபை மோட்டார் ஸ்விட்ச் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிவிடுகிறது என்பது இன்னொரு குறை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வைத்தியமாக எல்லா பீம்ஃபார்மிங்கையும் அணைத்துவிடும்படி யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதலில் 5 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ்பிளிசிட் பீம்ஃபார்மிங்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆன் நிலையில் மூன்று இடங்களிலும் அளந்து, ஆஃப் செய்து அளந்து, மறுபடி ஆன், மறுபடி ஆஃப் என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒருமுறை மட்டும் ஆன், ஒருமுறை மட்டும் ஆஃப் என்று நிறுத்திக்கொண்டால், இடையில் பக்கத்து வீட்டார் படம் பார்க்கத் தொடங்கியதுகூட முடிவை மாற்றிவிடும். லேப்டாப்பை அதே மேசையில் அதே கோணத்தில் வைப்பதும் அவசியம்; ஒரு சாண் நகர்ந்தாலே 5 கிகாஹெர்ட்ஸில் எண் மாறும்.

ஹாலில், சிக்னல் 99 சதவீதமாக இருந்த இடத்தில், இரண்டு நிலையிலும் இணைப்பு வேகம் 1201 என்றே நின்றது. அந்த லேப்டாப் எட்டக்கூடிய உச்சமே அதுதான் என்பதால், வலுவைக் கூட்டுவதற்கு அங்கே வேலை இல்லை. நடு அறையில் சிக்னல் 68 சதவீதம். இரண்டு நிலையிலும் அதே எண்தான், ஏனென்றால் அது பீக்கனின் அளவு. ஆனால் இணைப்பு வேகம் ஆன் நிலையில் பெரும்பாலும் 576 ஆகவும், ஆஃப் நிலையில் 432 ஆகவும் இருந்தது. `iperf3` அதற்கேற்ப ஏறத்தாழ 345-உம் 265-உம் காட்டியது. சரியாக ஒரு படி. சமையலறையில் சிக்னல் 38 சதவீதம். அங்கே 144-க்கும் 72-க்கும் இடையே எண் தாவிக்கொண்டிருந்ததே தவிர, ஆன் என்றும் ஆஃப் என்றும் பிரித்துச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அவ்வளவு பலவீனமான இடத்தில் கருவி அனுப்பும் அளவீடே நம்பகமாக இருப்பதில்லை. பீம்ஃபார்மிங் அதிகம் பயன்படும் இடம் எப்போதும் நடுத்தரத் தூரம்தான்.

ஆக, நடு அறையில் அதை அணைத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். ஆனால் 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் அந்த மோசத்தைக்கூட யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள். 265-உம் 345-உம் திட்டத்தின் அளவைத் தாண்டியவை. மகளின் குறைக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது: அவருடைய லேப்டாப் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொண்டு பெரும்பாலான நேரம் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இணைந்திருந்தது. பெயர்களைப் பிரித்து, 5-இல் மட்டும் இணைத்ததோடு அது தீர்ந்தது. சமையலறைக்கு எந்தப் பொத்தானும் உதவாது. கேபிள் இழுத்து இரண்டாவது அக்சஸ் பாயின்ட் வைப்பதே வழி என்று சொல்லிவிட்டோம்.

மோட்டார் ஸ்விட்ச்: அணைத்தது உதவிய இடம்

அந்த ஸ்விட்ச் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும், ஒரே ஆன்டெனா கொண்ட 802.11n கருவி. இத்தகைய ஸ்விட்ச், பிளக், பல்பு வகைகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இவை நாள் முழுவதும் மிகக் குறைவாகவே பேசுகின்றன. ரவுட்டர் ஊகத்தைப் புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பே தருவதில்லை. அந்த ரவுட்டரில் `Universal Beamforming` 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஆன் ஆகியிருந்தது. இந்தக் கருவிக்கு வேகம் தேவையில்லை, தொடர்பு அறுபடாமல் இருந்தால் போதும் என்பதால் இங்கே அளக்க வேண்டியது பொட்டல இழப்பு. கேபிளில் உள்ள கணினி விண்டோஸ் என்றால், அதிலிருந்து ஸ்விட்ச்சின் முகவரிக்கு இப்படிப் பார்க்கலாம்.

```
ping -n 600 192.168.1.40
```

இது ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும். ஆன் நிலையில் 600-இல் 41 பதில்கள் வரவில்லை. ஆஃப் செய்தபின் 3 மட்டுமே வரவில்லை. மறுபடி ஆன் செய்தபோது 37, மறுபடி ஆஃப் செய்தபோது 2. இப்படித் திரும்பவும் ஆன் செய்யும்போது கோளாறு திரும்ப வந்தால்தான் அந்தப் பொத்தானைக் குற்றவாளி என்று சொல்லலாம். வெறுமனே ஆஃப் செய்து சரியானதோடு விட்டிருந்தால், ரவுட்டரும் ஸ்விட்ச்சும் புதிதாக இணைந்ததாலேயே சரியாகியிருக்கலாம் என்ற ஐயம் மிஞ்சியிருக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இம்பிளிசிட் அல்லது யூனிவர்சல் பீம்ஃபார்மிங்கை அணைத்து வைக்க நான் தயங்குவதே இல்லை. அங்கே அது தரும் ஆதாயம் சிறியது; தொல்லை தந்தால் தண்ணீர் வரும் விடியற்காலையில் மோட்டார் ஓடாமல் போகும். எனினும் அணைப்பதற்கு முன் ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, 2.4 கிகாஹெர்ட்ஸின் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கிப் பாருங்கள். இவ்வளவு நெருக்கமான தெருவில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாவற்றோடும் மோத வேண்டியிருக்கும். அதுவே இழப்புக்குக் காரணமாக இருப்பது இன்னும் அதிகம்.

மல்டி யூசர் மைமோ

பீம்ஃபார்மிங் ஒரு கருவிக்கு அலையைக் கூட்டுகிறது என்றால், மல்டி யூசர் மைமோ அதே கணக்கைக் கொண்டு ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு வெவ்வேறு தரவை அனுப்புகிறது. ஒருவருக்குரிய அலை அவரிடம் கூட வேண்டும், அதே நேரத்தில் அடுத்தவர் இருக்கும் இடத்தில் அது ரத்தாகவும் வேண்டும். 802.11ac-இல் இது பதிவிறக்கத் திசையில் நான்கு கருவிகள் வரை. வைஃபை 6-இல் இரு திசையிலும் எட்டு வரை அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அந்த ரத்து செய்யும் கணக்கு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், ரவுட்டர் கருவிகளிடம் அளவீட்டை அடிக்கடி கேட்டுப் பெறுகிறது. கேட்பதற்கும் பெறுவதற்கும் ஆகும் நேரம் தரவு அனுப்பும் நேரத்திலிருந்துதான் கழிகிறது.

ஆகவே இது பலன் தர வேண்டுமானால் பல நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும். ரவுட்டரில் நான்கு ஆன்டெனா இருக்க வேண்டும். கருவிகள் இந்த வசதியை ஏற்பவையாக இருக்க வேண்டும். அவை ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளி, அசையாமல் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் பெரிய அளவில் பதிவிறக்க வேண்டும். ஒரே சோபாவில் மூவர் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் ஹாலில் இது நிறைவேறுவது அரிது. ஒருவர் கைப்பேசியோடு நடக்கத் தொடங்கினாலே அளவீடு பழையதாகி, ஒருவருக்கான அலை இன்னொருவருக்குக் குறுக்கீடாக மாறும். பொட்டலங்கள் மறுபடி மறுபடி அனுப்பப்படும்.

இதை அணைத்துப் பார்க்க வேண்டிய அறிகுறி தெளிவானது: ஒரு கருவி தனியாக இருக்கும்போது நன்றாக ஓடுகிறது, வீட்டில் வேறு சிலர் பதிவிறக்கத் தொடங்கியதும் அது மட்டும் அடியோடு நின்று நின்று ஓடுகிறது. ஒற்றைக் கருவியில் வேகச் சோதனை செய்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மூன்று கருவிகளில் `iperf3` சோதனையை ஒரே சமயத்தில் தொடங்கி, வேகங்களின் கூட்டுத்தொகையையும், மிகக் குறைந்த வேகம் பெற்ற கருவியின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். கேபிள் கணினியில் ஒரே `iperf3 -s` ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்கும் என்பதால், ஒவ்வொரு கருவிக்கும் `-p 5202`, `-p 5203` என்று தனித்தனி எண் கொடுத்து இரு பக்கமும் இயக்க வேண்டும். ஆஃப் நிலையில் கூட்டுத்தொகை குறையாமல், பின்தங்கிய கருவி முன்னேறினால், அணைத்தே வையுங்கள். கூட்டுத்தொகை குறைந்தால் ஆன் செய்துவிடுங்கள். பீம்ஃபார்மிங்கை அணைத்தால் மல்டி யூசர் மைமோவும் அதோடு நின்றுவிடும் என்பதையும், இதன் தலைகீழ் உண்மையல்ல என்பதையும் கவனியுங்கள். மல்டி யூசரை மட்டும் அணைத்து, நடு அறைக்குக் கிடைத்த அந்த ஒரு படியைத் தக்க வைத்துக்கொள்ள முடியும்.

ஓஎஃப்டிஎம்ஏ பற்றிச் சில வரிகள்

வைஃபை 6 பெட்டிகளில் `OFDMA` என்று இன்னொரு பொத்தான் இருக்கும். இது ஆன்டெனாக் கணக்கோடு தொடர்பில்லாதது. சேனலைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பல கருவிகளின் சிறு பொட்டலங்களை ஒரே தவணையில் அனுப்புவது. வைஃபை 6-ஐ ஏற்கும் கருவிகள் மட்டுமே இதில் பங்கேற்கும். மேலே சொன்ன மோட்டார் ஸ்விட்ச் போன்ற 802.11n கருவி இதில் சேர்வதே இல்லை. அத்தகைய பழைய கருவியோ, பழைய டிரைவர் உள்ள லேப்டாப்போ உங்கள் வைஃபை பெயரையே பார்க்க மறுத்தால், இந்தப் பொத்தானை அணைத்துப் பயன் இருக்காது. அந்தக் கருவி குழம்புவது வைஃபை 6 அறிவிப்பைக் கண்டுதான். அப்போது லேப்டாப்பின் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வைஃபை 6-ஐக் குறிக்கும் `802.11ax` நிலையை நிறுத்தி `b/g/n` நிலைக்கு மாற்ற வேண்டும்.

வைஃபை 6 கைப்பேசியோ லேப்டாப்போ பதிவேற்றத்தில் மட்டும் திணறினால், சில ரவுட்டர்களில் உள்ள `DL OFDMA only` என்ற தேர்வைப் போட்டுப் பாருங்கள். பதிவேற்றத் திசையில் ரவுட்டரே எல்லோருக்கும் முறை வகுப்பது நின்றுவிடும். இதையும் ஆன், ஆஃப் என்று மாற்றி அளந்த பிறகே நிலையாக வையுங்கள். இந்த முறை `-R` இல்லாமல் அளக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் எந்தப் பொத்தானை எந்த அலைவரிசையில் எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சில பெட்டிகள் ஃபர்ம்வேர் புதுப்பிப்பின்போதோ, ரீசெட் செய்யும்போதோ எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். சம்ப் மோட்டார் மறுபடி ஆஃப்லைன் ஆகத் தொடங்கினால் முதலில் அந்தத் தாளோடு அமைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.